ஐந்து அடிக்கு ஒரு மணி நேரம்

ஒரு கல்லூரியில் புதிதாகத் தொடங்கிய கவிதை மன்றத்துக்கு வரவேற்புரை ஆற்றக் கூப்பிட்டிருந்தார்கள். நம் ஊர் வரவேற்புரை எப்படியிருக்கும் என்பது தெரிந்ததுதான். மேடையில் இருப்பவர்களின் பெயரும் பட்டமும் சொல்லி முடிவதற்குள் பாதிப் பேர் கைபேசிக்குள் போயிருப்பார்கள். அதனால் எல்லோர் கையிலும் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, அதில் இருந்த ஒரே பாட்டைப் பற்றி மட்டும் பேசினேன். அங்கே சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தாளில் இருந்தது குறுந்தொகையின் 25ஆம் பாட்டு. கபிலர் பாடியது, குறிஞ்சித் திணை, மொத்தம் ஐந்தே அடி. உரக்கப் படித்தாலும் அரை நிமிடம் ஆகாது. பாட்டு சொல்வதை உரைநடையில் வைத்தால் இவ்வளவுதான்: ஒரு பெண் பேசுகிறாள். அவன் என்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, கள்வனாகிய அவன் மட்டுமே இருந்தான். சொன்ன சொல்லை அவன் பொய்யாக்கிவிட்டால் நான் என்ன செய்வேன். தினைத்தாள் போன்ற மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகும் அங்கே இருந்தது.

ஒரு தடவை படித்தவர்களிடம் என்ன புரிந்தது என்று கேட்டால், ‘ஏமாற்றப்பட்டோமோ என்று ஒரு பெண் பயப்படுகிறாள்’ என்பார்கள். தவறில்லை. ஆனால் இந்தப் பதிலுக்குப் பாட்டே தேவையில்லை. கடிதத்தில் ஒரு வரி எழுதினால் போதும். வேகமாகப் படிக்கும்போது மனம் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை அலங்காரம் என்று தள்ளிவிடுகிறது. இங்கே தள்ளப்படுவது குருகு. ஐந்து அடிப் பாட்டில் இரண்டு அடிக்கு மேல் அந்தப் பறவைக்கே போயிருக்கிறது. இடத்துக்கு இவ்வளவு பஞ்சமான பாட்டில், செய்திக்குத் தேவைப்படாத ஒன்றுக்கு எதற்கு அவ்வளவு இடம்? இரண்டாம் வாசிப்பு தொடங்க வேண்டிய கேள்வி இதுதான்.

இரண்டாம் முறை படிக்கும்போது பேச்சின் தொனி பிடிபடுகிறது. யார் இருந்தார்கள், யார் இல்லை, யார் கள்வன், பொய் சொன்னால் கதி என்ன என்று அவள் பேசுவது ஒரு வழக்கில் சாட்சி தேடுகிறவளின் பேச்சு. யாருமே இல்லை என்று சொன்னவள், கடைசியில் ஒரு சாட்சியைக் கொண்டுவந்து நிறுத்துகிறாள். அந்தச் சாட்சியால் பேச முடியாது. பேச முடிந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அது இவர்களைப் பார்க்கவே இல்லை. அதன் பார்வை முழுவதும் நீருக்குள் இருக்கிறது. நின்ற நீரைவிட ஓடும் நீரில் மீனைக் கண்டுபிடிப்பது கடினம், ஆகவே கண்ணை எடுக்க முடியாது. ‘ஓடும் நீர்’ என்ற சிறு விவரம் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அவளுடைய வழக்கு தோற்றுப்போவதற்கான காரணத்தையே அது சொல்கிறது.

மூன்றாவது தடவை படித்தால் குருகு இன்னொரு முகத்தைக் காட்டும். அசையாமல், சாதுவாக, மெலிந்த காலில் நிற்கும் அந்தப் பறவை இரைக்காகக் காத்திருக்கிறது. அப்போது அவனும் அப்படித்தான் நின்றானா? அவள் அதைச் சொல்லவில்லை. கள்வன் என்ற சொல்லைப் பாட்டின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டு, பிறகு மீனுக்காகக் காத்திருக்கும் பறவையைக் காட்டுகிறாள். இரண்டையும் சேர்ப்பது வாசகர் வேலை. வெளிப்படையாகச் சொல்லாமல் இயற்கைக் காட்சியின் வழியே சொல்வதை இலக்கணம் உள்ளுறை என்கிறது. அது முதல் வாசிப்பில் தட்டுப்படுவது அபூர்வம், ஏனென்றால் முன்னால் வந்த சொல்லும் பின்னால் வந்த காட்சியும் ஒரே நேரத்தில் மனதில் இருந்தால்தான் இணைப்பு தெரியும். முதல் தடவை படிப்பவருக்குப் பின்பாதி இன்னும் வரவே இல்லையே.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மெதுவாகப் படிக்கத் தொடங்கியதும் கற்பனை தறிகெட்டு ஓடவும் வாய்ப்புண்டு. உதாரணமாக, ‘அவள் பறவையின் காலைத்தான் வருணிக்கிறாள், ஆகவே நாணத்தில் தலைகுனிந்திருந்தாள், தரையை மட்டுமே பார்த்தாள்’ என்று யாராவது சொல்லக்கூடும். கேட்க அழகாக இருக்கிறது. பாட்டுக்குத் திரும்பிப் போனால் நிற்காது. குருகு ஆரலைப் பார்த்துக்கொண்டிருந்தது என்கிறாள். அதன் தலையையும் கண்ணையும் கவனிக்காமல் அதை எப்படிச் சொல்ல முடியும்? ஒரு விளக்கம் பாட்டிலுள்ள வேறொரு சொல்லோடு முட்டுகிறதா என்று பார்ப்பதற்காகவும் மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

வெறும் எண்ணிக்கை காப்பாற்றாது என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர், எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, ஒரு வாரம் கழித்துக் கருத்தை எழுதி வாங்கினார். எத்தனை முறை படித்தீர்கள் என்பதையும் குறிக்கச் சொன்னார். பெரும்பாலானவர்கள் ஒவ்வொரு கவிதையையும் நான்கு முறையாவது படித்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு முறை படித்தவர்களும் இருந்தார்கள். அப்படியும் பலர் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டிருந்ததை 1929இல் வெளிவந்த தன் நூலில் அவர் விரிவாகக் காட்டினார். கவிதையில் இருப்பதைப் பார்க்காமல், அது கிளப்பிவிட்ட சொந்த நினைவுகளையும் ஏற்கெனவே தயாராக வைத்திருந்த உணர்ச்சிகளையும் கவிதையின் மேல் ஏற்றிவிட்டார்கள் என்பது அவர் கண்ட காரணங்களில் முக்கியமானது. முதல் அபிப்பிராயத்தை உறுதிப்படுத்திக்கொள்ளவே மறுபடி படித்தால் பிழைதான் கெட்டிப்படும்.

அதனால் ஒவ்வொரு வாசிப்புக்கும் வேறு வேலை கொடுக்க வேண்டும். சங்கப் பாட்டென்றால் என் வழக்கம் இது. முதலில் சீர் பிரித்த வடிவத்தை உரக்கப் படிப்பேன், பொருளைத் தேட மாட்டேன். பிறகு சொல் பிரித்த வடிவம். பேசுவது யார், வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை மட்டும் பார்ப்பேன். அதற்கடுத்து, நேர்ச்செய்திக்கு வேண்டாதது போலத் தோன்றும் விவரத்தின் அடியில் பென்சிலால் கோடு. உரையை அதற்குப் பிறகுதான் திறப்பேன்.

உரையையும் பாட்டின் கீழே இருக்கும் கூற்றுக் குறிப்பையும் தள்ளிப்போடுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் குறிப்பு கபிலர் எழுதியதல்ல. பின்னால் தொகுத்தவர்கள் சேர்த்தது என்பதே அறிஞர்கள் கருத்து. திருமணம் தள்ளிப்போகும்போது தலைவி தோழியிடம் சொன்னது என்கிறது இந்தப் பாட்டின் குறிப்பு. நல்ல குறிப்புதான். அதை வைத்துக்கொண்டு நான்காவது முறை படித்தால் மொத்தப் பாட்டும் திசை மாறுகிறது. அகப்பாடல்களில் தோழி காரியக்காரி. தலைவனை நெருக்குவாள், வீட்டாரிடம் பக்குவமாக விஷயத்தை எடுத்துச் சொல்வாள். அவளிடம் போய்ச் ‘சாட்சி இல்லை’ என்று சொன்னால், ‘இனி நீதான் ஏதாவது செய்ய வேண்டும்’ என்றுதான் பொருள். புலம்பல் போலக் கேட்டது வேண்டுகோளாகிவிடுகிறது. குறிப்பை முதலிலேயே படித்திருந்தால் இதை விடையாக வாங்கிக்கொண்டு குருகைத் தாண்டிப் போயிருப்போம்.

எல்லாக் கவிதைக்கும் இந்த உழைப்பு வேண்டியதில்லை என்பதையும் மாணவர்களிடம் சொன்னேன். மேடையில் கைதட்டலுக்காக எழுதப்பட்ட வரிகள் முதல் தடவையிலேயே கையிலிருப்பதையெல்லாம் கொடுத்துவிடும். இரண்டாவது தடவை படித்துப் புதிதாக ஒரு கேள்விகூட எழவில்லையென்றால் அதை மூடி வைப்பதில் குற்றமில்லை. கபிலரின் இந்த ஐந்து அடிக்கு அன்று எங்களுக்கு ஒரு மணி நேரம் போதவில்லை. தினைத்தாளைத் தொடவே இல்லை. கொக்கின் காலுக்கு உவமை சொல்ல எத்தனையோ இருக்க, மலைப்புனத்துப் பயிரை அவள் ஏன் எடுத்தாள்? உ. வே. சாமிநாதையர் 1937இல் உரையோடு வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. 25ஆம் பாட்டைத் திறந்து, உரையைக் கையால் மறைத்துக்கொண்டு மூன்று தடவை படித்துப் பாருங்கள். கையை எடுப்பது அப்புறம் இருக்கட்டும்.