அப்பாவின் கார் நோட்டு

அப்பாவின் பழைய காரோடு ஒரு நீளமான கணக்கு நோட்டும் என்னிடம் வந்தது. ‘பெட்ரோல் 500’, ‘திருச்சி போய் வந்தது’ என்ற வரிகளுக்கு நடுவில்தான் ஆயில் மாற்றியதும், பிரேக் பேட் போட்டதும் இருந்தன. காருக்கு எப்போது என்ன செய்தோம் என்பது ஒரே பார்வையில் தெரியவேண்டுமென்று அதைக் கணினியில் ஒரு அட்டவணையாக ஏற்றினேன்.

முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து எண் கொடுத்தேன். ஒரு வேலைக்கு ஒரு வரி. அதில் தேதி, மீட்டர் காட்டிய கிலோமீட்டர், அப்பா எழுதிய சொல், பாகத்தின் பொதுப்பெயர், நோட்டின் பக்க எண். தேதியை 2015-05-11 என்று ஆண்டு முன்னால் வரும்படி எழுதினால், வரிசைப்படுத்தும்போது குழம்பாது.

கையெழுத்துதான் பெரிய சிக்கல். ஒரு ஆயில் மாற்றத்துக்கு ‘11.3.15’ என்றா ‘11.5.15’ என்றா எழுதியிருக்கிறார்? கிலோமீட்டர் 61,940-ஆ, 67,940-ஆ? முந்தைய வரி ஜனவரி 10, 58,300. அடுத்தது ஜூன் 20, 63,100. மீட்டர் பின்னோக்கி ஓடாது, ஆகவே 61,940-தான். இரண்டு வரிகளுக்கும் இடையில் 161 நாள், 4,800 கிலோமீட்டர், அதாவது நாளுக்குச் சுமார் 30. அந்தக் கணக்கில் 61,940-ஐத் தொட 121 நாள் ஆகும். ஜனவரி 10-லிருந்து எண்ணினால் மே 11 வருகிறது. மார்ச் என்றால் நாளுக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்க வேண்டும். மே என்றே பதிந்தேன். ஆனால் பக்கத்தில் ‘கணிப்பு’ என்று குறித்தேன். கண்ணால் படித்ததும் கணக்குப் போட்டு எடுத்ததும் கலந்துவிடக் கூடாது.

2017-ல் எண்கள் திடீரென்று சிறுத்துவிட்டன. தப்பாக எழுதிவிட்டாரோ என்று பார்த்தால், 82,450-ல் ‘புது மீட்டர்’ என்று ஒரு வரி. அதற்குப் பிறகு 14,200 என்று இருந்தால் வண்டி உண்மையில் ஓடியது 96,650. மீட்டர் காட்டியதை மாற்றாமல் வைத்து, மொத்தத்துக்குத் தனிப் பத்தி போட்டேன்.

பாகப் பெயரில் அவசரம் கூடாது. ‘டைனமோ’ என்று அப்பா எழுதியது ஆல்டர்னேட்டர், ‘செல்ஃப்’ என்றது ஸ்டார்ட்டர் மோட்டார். இவற்றைப் பொதுப்பெயரில் மாற்றலாம். ஆனால் ‘பிரேக் வேலை’ என்று மட்டும் இருந்தால் பேடா, ஷூவா, ஆயிலா என்று சொல்ல முடியாது. பொதுப்பெயர் இடத்தைக் காலியாக விட்டேன். ஊகித்துப் ‘பேட்’ என்று போட்டிருந்தால், தேய்ந்த பேடை இன்னும் புதிது என்று நம்பி ஓட்டிக்கொண்டிருப்பேன்.

கடைசியில் தேதியை விட்டுவிட்டு, பாகம் வாரியாக அடுக்கிப் பார்த்தேன். ‘ரேடியேட்டரில் தண்ணி ஊற்றியது’ என்ற வரி 2016 ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று, நவம்பரில் ஒன்று. நோட்டில் மூன்றும் வேறு வேறு பக்கத்தில், பெட்ரோல் கணக்குக்குள் புதைந்து கிடந்தவை. இப்போது அடுத்தடுத்து நின்றன. அவற்றின் கீழேயே டிசம்பர் வரி: ‘ஹெட் கேஸ்கெட் மாற்றியது’.