சேர்த்தால் ஒன்று, பிரித்தால் வேறொன்று

சிறுநீரகக் கல்லை அகற்றும் முறைகளை ஒப்பிட்டு 1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வெளியானது. உடலைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையில் 350 பேரில் 273 பேருக்கு வெற்றி. அதாவது 78 சதவீதம். தோலில் சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறையில் 350 பேரில் 289 பேருக்கு வெற்றி, 83 சதவீதம். துளை முறையே மேல் என்று தோன்றுகிறது.

கல்லின் அளவைக் கொண்டு பிரித்துப் பார்த்தால் கதை மாறிவிடுகிறது. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான கற்களில் திறந்த அறுவை 87-க்கு 81, துளை முறை 270-க்கு 234. பெரிய கற்களில் முன்னது 263-க்கு 192, பின்னது 80-க்கு 55. இரண்டு பிரிவிலும் திறந்த அறுவையே முந்துகிறது.

இப்படி முடிவு தலைகீழாவதை 'சிம்ப்சன் முரண்' என்பார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் விவாதப் பகுதியில் பலர் இந்தப் பெயரை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பெயர் சொல்வது விளக்கம் ஆகாது. யாருக்கு எந்தச் சிகிச்சை போனது என்பதைச் சொல்ல வேண்டும். இங்கே கடினமான பெரிய கற்களில் பெரும்பாலானவை திறந்த அறுவைக்குப் போயின. எளிதான சிறிய கற்கள் பெரும்பாலும் துளை முறைக்கு வந்தன. மொத்தச் சதவீதத்தில் சிகிச்சையின் திறனோடு கல்லின் அளவும் கலந்துவிட்டது.

அந்தக் கலப்பை நீக்கிக் காட்டவும் வழி உண்டு. மொத்தம் 700 பேரில் 357 பேருக்குச் சிறிய கல், 343 பேருக்குப் பெரிய கல். இரண்டு முறைகளுக்கும் இதே விகிதத்தில் நோயாளிகள் வந்திருந்தால் என்று வைத்துக் கணக்கிட்டால், திறந்த அறுவைக்கு 83, துளை முறைக்கு 78 சதவீதம் கிடைக்கிறது. எண்கள் அப்படியே இடம் மாறிக்கொள்கின்றன!

அதற்காக எதைக் கொண்டும் பிரித்துவிடலாம் என்பதில்லை. கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே இருப்பது. எந்தச் சிகிச்சை என்ற தேர்வையும் பலனையும் அதுவே பாதிக்கிறது. ஆகவே அதைக் கொண்டு பிரிப்பது நியாயம். சிகிச்சையால் ஏற்படும் இரத்தப்போக்கைக் கொண்டு பிரித்தால், சிகிச்சையின் விளைவில் ஒரு பகுதியையே கணக்கிலிருந்து அகற்றிவிடுவோம். எது முன், எது பின் என்பதை அட்டவணை சொல்லாது; துறை அறிவுதான் சொல்லும். எந்தக் காரணத்தால் பிரித்தோம் என்பதை விவாதப் பகுதியில் எழுதியாக வேண்டும்.

கூடவே வரம்புகளையும் எழுத வேண்டும். பெரிய கல் பிரிவில் வித்தியாசம் நான்கு சதவீதப் புள்ளிகள்தான். துளை முறைக்கு அங்கே 80 பேரே இருப்பதால் அது தற்செயலாகவும் வந்திருக்கலாம். தவிர, திறந்த அறுவைகள் 1980 வரை நடந்தவை; துளை முறை அதற்குப் பிந்தைய ஆண்டுகளைச் சேர்ந்தது. துளை முறை சிறந்தது என்ற முடிவை இந்தத் தரவு தாங்காது. திறந்த அறுவையே சிறந்தது என்று அறிவிக்கவும் இது போதாது.