கான்கிரீட் தோற்ற பிறகு வரும் கடிதம்

‘தவிர்க்க முடியாத காரணங்களால் தங்கள் கட்டடத்தின் முதல் தளக் கான்கிரீட்டில் சிறு தரக்குறைவு ஏற்பட்டுள்ளது. அதற்கு மிகவும் வருந்துகிறோம். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு, மூன்று நாட்களில் மறுஆய்வு செய்யப்படும்.’

வீடோ அலுவலகமோ கட்டிக்கொண்டிருப்பவருக்குத் திட்ட மேலாளரிடமிருந்து இப்படி ஒரு கடிதம் வந்தால், வருத்தம் தெரிவிக்கும் வரியைக் கடந்துபோய் ‘மூன்று நாட்கள்’ என்ற இடத்தில்தான் நிறுத்திப் படிக்க வேண்டும். கான்கிரீட்டை மூன்று நாளில் மறுஆய்வு செய்ய முடியாது. அந்தத் தேதியைச் சிமெண்டும் சோதனை முறைகளும்தான் முடிவு செய்கின்றன, மேலாளரின் நல்லெண்ணம் அல்ல. ஆகவே மன்னிப்புக் கடிதம் உண்மையானதா, வாயடைக்க எழுதியதா என்பது அதிலுள்ள தேதிகளிலேயே தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு வேலையைக் கற்பனை செய்துகொள்வோம். ஜூன் 3 அன்று ஒரு கட்டடத்தின் முதல் தளத்துக்குக் கான்கிரீட் போடுகிறார்கள். ஆறு ரெடிமிக்ஸ் லாரிகள், லாரிக்கு 6 கன மீட்டர் என்று மொத்தம் 36 கன மீட்டர். ஒப்பந்தப்படி கான்கிரீட்டின் தரம் ‘எம் 25’. அதாவது 28 நாள் ஆன பிறகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தத்தை அது தாங்க வேண்டும். இதைச் சோதிக்கத்தான் ஒவ்வொரு பக்கமும் 15 செ.மீ. இருக்கும் ‘கியூப்’ கட்டிகளை வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, இயந்திரத்தில் வைத்து நசுக்குகிறார்கள். எம் 25 கியூப் ஒன்று உடைய ஏறத்தாழ 57 டன் எடை தேவை.

தண்ணீரிலிருந்து எடுத்து ஜூலை 1 அன்று கியூப்களை நசுக்கிப் பார்த்தால், ஐந்து லாரிகளின் சராசரி 29-க்கும் 31-க்கும் இடையே வருகிறது. ஐந்தாவது லாரி மட்டும் 20.6. கட்டடக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநூல் ஐ.எஸ். 456. அதன்படி எம் 25-இல் அடுத்தடுத்த நான்கு மாதிரிகளின் சராசரி குறைந்தது 28 இருக்க வேண்டும், எந்த ஒரு மாதிரியும் 22-க்குக் கீழே போகக்கூடாது. ஆக, ஐந்தாவது லாரி தோற்றுவிட்டது.

இனி மேலாளர் கடிதம் எழுத வேண்டும். அதில் முதலில் வர வேண்டியது, தோற்ற கான்கிரீட் தளத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்ற தகவல். எந்த லாரி எத்தனை மணிக்கு வந்தது, எந்தத் தூண்களுக்கு இடையே கொட்டப்பட்டது என்று அன்றைக்கே பதிவேட்டில் எழுதியிருந்தால், ‘வடகிழக்கு அறையின் மேல் தளம்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பதிவேடு இல்லையென்றால் 36 கன மீட்டரையும் சந்தேகிக்க வேண்டியதுதான். ‘ஒரு பகுதியில்’ என்று மட்டும் எழுதும் மேலாளரிடம் அந்தப் பதிவேட்டை உடனே கேளுங்கள்.

அடுத்து வருவதை எழுதத்தான் மேலாளருக்குக் கை நடுங்கும். கியூப்களில் சிலவற்றை ஏழாம் நாளிலேயே நசுக்கிப் பார்ப்பது வழக்கம். 28 நாள் வலிமையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அப்போதே வந்துவிடும். ஜூன் 10 அன்று மற்ற லாரிகளின் கியூப் 20-ஐ ஒட்டி இருக்க, ஐந்தாவது 13-தான் காட்டியிருக்கும். குறை அன்றைக்கே கண்ணில் பட்டிருக்கிறது, ‘28-ஆம் நாள் ஏறிவிடும்’ என்று விட்டுவிட்டார்கள். இடையில் ஜூன் 17 அன்று, பதினான்கு நாள் ஆகிவிட்டதென்று சென்ட்ரிங் முட்டுகளைப் பிரித்து, மேலே செங்கல்லையும் அடுக்கியாயிற்று. கான்கிரீட் தோற்றதைவிட இந்த மூன்று வார மௌனம் பெரிய குற்றம் என்பேன். நேர்மையான கடிதத்தில் மன்னிப்பு இதற்காகவும் கேட்கப்பட்டிருக்கும்: ‘ஏழாம் நாள் முடிவு எச்சரித்தது. நாங்கள் தங்களுக்குத் தெரிவிக்கவில்லை, முட்டு பிரிப்பதை நிறுத்தவும் இல்லை.’

அதன் பிறகுதான் உடனடி வேலைகள். ஜூலை 2 அன்றே செங்கல்லை இறக்கி, அந்த அறையில் மறுபடி முட்டு கொடுத்தாயிற்று. அந்தப் பகுதிக்கு மேல் தூணோ சுவரோ எழுப்புவதில்லை. கடிதம் கையில் கிடைக்கும்போதே இவை முடிந்திருக்க வேண்டும். ‘முட்டு கொடுக்கப்படும்’ என்று எதிர்காலத்தில் எழுதியிருந்தால் அங்கே இன்னும் ஆபத்து தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இப்போது மறுஆய்வுத் தேதிகளுக்கு வருவோம். கியூப் தோற்றால் தளத்தை உடனே இடிக்க வேண்டியதில்லை. கியூப்பையே சரியாக வார்க்காமல் இருந்திருக்கலாம். தளத்திலிருந்தே கான்கிரீட்டைக் குடைந்து எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதற்குக் ‘கோர்’ எடுப்பது என்று பெயர். கம்பி அறுபடாமலிருக்க, முதலில் கருவி கொண்டு கம்பிகளின் இடத்தைக் குறித்துவிட்டு, உருளை வடிவத்தில் குறைந்தது மூன்று கோர் எடுக்கிறார்கள். உருளையின் விட்டம் உள்ளே இருக்கும் ஜல்லியைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும் என்பதால், 20 மி.மீ. ஜல்லிக்கு 75 மி.மீ. விட்டம் வைப்பது பொருத்தம். முனைகளைச் சமன்செய்து, 48 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்த பிறகே நசுக்க வேண்டும். ஜூலை 5 அன்று கோர் எடுத்தால் ஜூலை 8 அல்லது 9-க்கு முன் முடிவு வராது. சுத்தியல் போன்ற கருவியால் தட்டிப் பார்த்து ஒரே மணி நேரத்தில் ‘பாஸ்’ என்று சொல்லும் சோதனையும் இருக்கிறது. அது மேற்பரப்பின் கடினத்தை மட்டும் காட்டும். எங்கே கோர் எடுக்கலாம் என்று தேட உதவுமே தவிர, கோருக்கு மாற்றாகாது.

கோர் சோதனையில் சலுகை உண்டு. குடையும்போது உருளை கொஞ்சம் அதிர்வு வாங்கும், தளத்தில் தண்ணீர் கட்டியது ஆய்வகத் தொட்டியில் ஊறியதற்கு ஈடாகாது. அதனால் மூன்று கோர்களின் சராசரி, கியூப் அளவுக்கு மாற்றிக் கணக்கிட்ட பிறகு, 25-இல் 85 சதவீதம் வந்தால் போதும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்கிறது தரநூல். அதாவது சராசரி 21.25, தனியொன்று 18.75. நம் எடுத்துக்காட்டில் கோர்கள் 20.1, 18.9, 20.4 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். தனித்தனியாக மூன்றுமே தப்பித்துவிட்டன. சராசரி 19.8 என்பதால் கூட்டாகத் தோற்றுவிட்டன.

கடைசி வழி பாரச் சோதனை. கட்டமைப்புப் பொறியாளரின் ஒப்புதலோடு, வார்த்து 28 நாள் கழிந்த தளத்தின் மீதுதான் இதைச் செய்யலாம். குடியிருப்பு அறையின் தளம் ஆட்களையும் சாமான்களையும் சேர்த்துச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படி வடிவமைக்கப்படும். அதில் ஒன்றேகால் மடங்கு 250 கிலோ. இனிமேல் வரப்போகும் டைல்ஸ், பூச்சு எடைக்கு 100 கிலோ சேர்த்தால் 350 கிலோ. தளத்தில் 35 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி நிறுத்துவதற்குச் சமம். கீழே முட்டுகளைச் சற்று இறக்கி, தளம் சரிந்தால் தாங்கிக்கொள்ளும்படி இடைவெளி விட்டு வைப்பார்கள். ஜூலை 14 காலையில் பாரம் ஏற்றி, 24 மணி நேரம் கழித்துத் தளம் எவ்வளவு தொய்ந்தது என்று அளந்து, பாரத்தை இறக்கி, மேலும் 24 மணி நேரம் கழித்து எவ்வளவு நிமிர்ந்தது என்று அளக்க வேண்டும். தொய்வில் 75 சதவீதமாவது மீள வேண்டும். 4.6 மி.மீ. தொய்ந்து 3.9 மி.மீ. நிமிர்ந்திருந்தால் 85 சதவீதம், தளம் தேறிவிட்டது. மீளவில்லையென்றால் 72 மணி நேரம் விட்டு மறுபடி பாரம் ஏற்றலாம். அப்போது 80 சதவீதம் மீள வேண்டும். அதிலும் தோற்றால் பலப்படுத்துவதோ இடிப்பதோதான் மிச்சம். புதிதாகப் போட்டால் மறுபடி 28 நாள்.

ஆகவே நல்ல கடிதத்தில் ஒரே தேதி இருக்காது. ஜூலை 5 கோர், 9 முடிவு, தோற்றால் 14 முதல் 16 வரை பாரச் சோதனை என்று, இது நடந்தால் இது, இல்லையென்றால் அது என்று கிளை பிரிந்து போகும். அந்த மூன்று சோதனைக்கும் துளை அடைப்பதற்கும் செலவு யாருடையது என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

இவ்வளவும் இந்தத் தளத்தைக் காப்பாற்றும் வேலைதான். அடுத்த தளத்தைக் காப்பாற்ற, ஐந்தாவது லாரிக்கு என்ன நேர்ந்தது என்று தெரிய வேண்டும். ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று எழுதி முடித்துவிடுவது எளிது. லாரிச் சீட்டைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. பிளாண்ட்டில் ஏற்றிய நேரம் 10.10, வந்து சேர்ந்தது 12.25. ரெடிமிக்ஸை ஏற்றிய இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது விதி. நெரிசலில் கலவை இறுகிவிட்டது, பம்ப் தள்ளவில்லை. லாரித் தொட்டியின் குழாயைத் திறந்து சுமார் 200 லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டிருக்கிறார்கள். 6 கன மீட்டரில் 200 லிட்டர் என்றால் கன மீட்டருக்கு 33 லிட்டர். 320 கிலோ சிமெண்டுக்கு 154 லிட்டர் என்று அளந்து கலந்தது 187 லிட்டராகிவிட்டது. வலிமை போனதற்கு இதுவே போதும்.

தண்ணீர் விட்டவரைத் திட்டுவதோடு நின்றுவிட்டால் அடுத்த மாதமும் இதுவே நடக்கும். லாரியை ஏன் திருப்பி அனுப்பவில்லை? அனுப்பினால் அந்தக் கான்கிரீட்டின் விலையை யார் ஏற்பது என்று கொள்முதல் ஆர்டரில் ஒரு வார்த்தையும் இல்லை. மேஸ்திரிக்கு நிராகரிக்கும் அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ள பொறியாளர் அப்போது தளத்தில் இல்லை. திருத்த நடவடிக்கை இங்கேதான் கைவைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கடந்த லாரி சப்ளையர் செலவில் திரும்பும் என்று ஆர்டரில் எழுத வேண்டும். கடைசி லாரி காலியாகும்வரை நிராகரிக்க அதிகாரமுள்ள ஒருவர் பம்ப் அருகில் நிற்க வேண்டும். ஏழாம் நாள் முடிவு எதுவாயினும் அன்று மாலைக்குள் உரிமையாளருக்குப் போக வேண்டும்.

இவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கத் தனியாக ஒரு தேதி வேண்டும். பெரும்பாலான கடிதங்களில் விட்டுப்போவது இதுதான். அடுத்த தளம் ஜூலை 20 என்றால், அதன் ஏழாம் நாள் முடிவு 27-இல், 28-ஆம் நாள் முடிவு ஆகஸ்ட் 17-இல். கடிதம் ஆகஸ்ட் 17 வரை போகவில்லையென்றால், திருத்தம் காகிதத்தோடு நின்றுவிடும்.

இப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால், கோர் எடுக்கும் நாளன்று நேரில் போய் நில்லுங்கள். முடியாவிட்டால் உங்கள் சார்பில் ஒரு பொறியாளரை அனுப்புங்கள். உருளைகள் எந்த இடத்தில் எடுக்கப்பட்டன என்று குறித்துக்கொண்டு, அவை ஆய்வகத்துக்குக் கிளம்புவதற்கு முன் ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.