பத்தாம் பக்கத்துக்குள்

ஹாலிவுட்டில் புதியவர்களுக்கான திரைக்கதைப் போட்டிகளில் அதிக மதிப்புள்ளது 'நிக்கோல் ஃபெல்லோஷிப்'. ஆஸ்கர் விருது தரும் அகாடமிதான் இதையும் நடத்துகிறது. தொலைக்காட்சி எழுத்தாளர் டான் நிக்கோலின் நினைவாக அவருடைய மனைவி தந்த கொடையில் 1986-இல் முதல் பரிசுகள் வழங்கப்பட்டன. ஆண்டுக்கு அதிகபட்சம் ஐந்து பேருக்கு, தலைக்கு 35,000 டாலர். ஆனால் வந்து குவியும் திரைக்கதைகள் ஆயிரக்கணக்கில். அவற்றில் பெரும்பாலானவை முதல் சுற்றைத் தாண்டுவதில்லை. அந்தச் சுற்றில் தீர்ப்பு எழுதுபவர் புகழ்பெற்ற இயக்குநர் அல்ல. ஒரு கட்டு ஸ்கிரிப்டுகளை மடிக்கணினியில் வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும் ஒரு வாசகர்.

அந்த வாசகர் பத்துப் பக்கம் படித்துவிட்டு மூடிவிடுவார் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான். படித்த ஸ்கிரிப்டுக்குக் கதைச்சுருக்கமும் விமர்சனமும் எழுதித் தர வேண்டியவர் கடைசிப் பக்கம் வரை போயே ஆக வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட மனநிலையில் போகிறார் என்பது அந்தப் பத்துப் பக்கத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆரம்பம் பிடித்துப்போனால் ஐம்பதாம் பக்கத்தில் வரும் தொய்வை மன்னிப்பார். பிடிக்காவிட்டால் அதே தொய்வு, ஏற்கெனவே எடுத்த முடிவுக்குச் சாட்சியாகிவிடும்.

நம்மூர் பழக்கம் வேறு. இங்கே உதவி இயக்குநர் தயாரிப்பாளரின் எதிரில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் கதை சொல்வார். குரலை ஏற்றி இறக்கலாம், பின்னணி இசையை வாயாலேயே போடலாம், எதிரில் இருப்பவர் கைப்பேசியைப் பார்த்தால் சட்டென்று சண்டைக் காட்சிக்குத் தாவலாம். போட்டிக்குப் போகும் எழுத்தாளருக்கு இந்த வசதி எதுவும் இல்லை. அவருடைய குரல், நிறுத்தம், வேகம் எல்லாமே தாளில் எழுத்து உட்கார்ந்திருக்கும் விதத்தில்தான் தெரிய வேண்டும். ஃபார்மட் விதிகளை இந்தக் கோணத்தில் பார்த்தால் அவை வெறும் சடங்காகத் தோன்றாது.

விதிகள் தட்டச்சு எந்திரக் காலத்தில் பிறந்தவை. எழுத்துரு கூரியர், அளவு 12. அதில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அகலம். ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து, மேலிருந்து கீழாக ஓர் அங்குலத்துக்கு ஆறு வரி. தாளின் இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் வெற்றிடம். அந்தக் காலத்தில் துளையிட்டுக் கோர்ப்பதற்காக விட்ட இடம் அது. மற்ற மூன்று பக்கமும் ஏறக்குறைய ஓர் அங்குலம். வசனம் நடுவில் ஒடுங்கி நிற்கும், அதன் தலையில் பேசுபவரின் பெயர். இப்படி அடித்தால் ஒரு பக்கம் திரையில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓடும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. ஆகவே பத்துப் பக்கம் என்பது படத்தின் முதல் பத்து நிமிடம்.

இந்தியாவிலிருந்து அனுப்புபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: தாளின் அளவு. நம்மிடம் புழங்குவது ஏ4. அமெரிக்காவில் லெட்டர், எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். ஏ4 அதைவிட முக்கால் அங்குலம் போல நீளம். பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான், ஆனால் பக்கத்துக்கு நாலு வரி கூடுதலாகப் பிடிக்கும். ஏ4-இல் 110 பக்கத்தில் அடங்கிய கதை, லெட்டர் தாளுக்கு மாற்றியதும் ஆறேழு பக்கம் வீங்கும். பத்தாம் பக்கத்தில் வைத்திருந்த திருப்பம் பதினொன்றாம் பக்கத்துக்கு நழுவும். எழுத உட்காரும் முதல் நாளே மென்பொருளில் தாளை மாற்றிக்கொள்வது நல்லது. வரி இடைவெளியை நெருக்கிப் பக்கத்தைக் குறைப்பவர்களும் உண்டு. தினமும் ஸ்கிரிப்ட் பார்க்கும் கண்ணுக்கு அந்த நெருக்கம் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, அந்தப் பக்கங்களில் என்ன எழுதுவது? ஒரு கற்பனைக் கதையை எடுத்துக்கொள்ளலாம். நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் இரவுப் பணி பார்க்கும் ரோசா என்ற பெண். கூண்டுகளை எடுத்துவிட்டுத் தானியங்கிக் கருவி வைக்கப்போகிறார்கள். அவளுக்கு இன்னும் பதினொரு நாள்தான் வேலை. ஒரு மழை இரவில், கடந்து போகும் காரில் கடத்தப்பட்ட சிறுவன் ஒருவனைப் பார்க்கிறாள்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித் தொடங்கும். அலாரம் அடிக்கிறது. ரோசா எழுகிறாள், கண்ணாடி முன் பல் துலக்குகிறாள். சுவரில் இறந்த கணவரின் படம், மகனின் பட்டமளிப்புப் படம். பின்னணியில் அவளுடைய குரலே தன் வாழ்க்கையைச் சொல்கிறது. ஆறாம் பக்கத்தில் வேலைக்குக் கிளம்புகிறாள். நடுவே ஒரு வரி: இருபத்திரண்டு ஆண்டுகளாக இதே கூண்டில் இருப்பதால் அவளுக்கு மனிதர்கள்மீது நம்பிக்கை போய்விட்டது. இந்த வரியைக் கேமரா எப்படிப் படம் பிடிக்கும்? தாளில் படிப்பவருக்குத் தெரிந்தது, அரங்கில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. அலாரம் அடித்து எழும் நாயகர்களை அந்த வாசகர் எத்தனையோ முறை பார்த்திருப்பார்.

கதையைக் கூண்டுக்குள்ளேயே தொடங்கினால் அதே செய்தி இப்படி வரும்:

```
INT. சுங்கச்சாவடிக் கூண்டு - இரவு

மழை. ஒரு பக்கமாகத் தேய்ந்த நாற்காலி மெத்தை.
சுவரில் நாள்காட்டி. அடிக்காத கட்டம் பதினொன்று.

ரோசா (61) காசை வாங்குகிறாள். பார்க்கவில்லை.
விரலால் உருட்டுகிறாள். திருப்பி நீட்டுகிறாள்.

                 ரோசா
          இது கனடா காசு. வேற குடுங்க.
```

இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் என்று யாரும் சொல்லவில்லை, விரல் சொல்கிறது. வேலை முடியப்போவதை நாள்காட்டி சொல்கிறது. முதல் வரி இடம், நேரம்: உள்ளேயா வெளியேயா, எங்கே, பகலா இரவா. ஆங்கில ஸ்கிரிப்டில் அது பெரிய எழுத்தில் இருக்கும். பாத்திரம் முதல்முறை வரும்போது அவருடைய பெயரும் பெரிய எழுத்தில் வரும், பக்கத்தில் வயது. விவரிப்பு இரண்டிரண்டு வரியாக, இடையே வெற்று வரி விட்டு. பன்னிரண்டு வரிக் கொத்தாக விவரிப்பு வந்தால் களைத்த கண் அதைத் தாண்டி அடுத்த வசனத்துக்குக் குதித்துவிடும். தாண்டிய இடத்தில் கதையின் முக்கியத் தடயம் இருந்தால் அது அங்கேயே போச்சு. குளோசப், கேமரா நகர்வு, காட்சி எண் எதுவும் தேவையில்லை. எண் போடுவது படப்பிடிப்புக்குத் தயாராகும் ஸ்கிரிப்டில். கேமரா நெருங்க வேண்டுமானால், விரலை ஒரு தனி வரியில் எழுதினாலே வாசகரின் மனக்கண் தானாக நெருங்கும்.

மூன்றாம் பக்கம் ஒரு கார் வருகிறது. ஓட்டுநர் இருபது டாலர் தாளை நீட்டுகிறான், மீதியை வாங்காமலே கிளம்புகிறான். பின் இருக்கையில் போர்வைக்குள் ஒரு சிறுவன். தூங்குவதாகத்தான் தோன்றுகிறது, ஆனால் கண் திறந்திருக்கிறது. ரோசா வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதுகிறாள். கையில் மழைத்துளி. போலீசுக்குப் போன் போட்டு, எண்ணைச் சொல்லக் கையை விரிக்கும்போது கடைசி இரண்டு எழுத்து கரைந்திருக்கிறது. ஆறாம் பக்கம் மேலதிகாரி வருகிறார். எடுத்துவிடப்போகும் கூண்டுதானே என்று கேமராவைப் போன வாரமே நிறுத்தியாயிற்று. எட்டாம் பக்கம் மகன் போனில், உனக்கெதுக்கும்மா வம்பு என்கிறான். பத்தாம் பக்கத்தின் கடைசி வரிகளில் பணி முடிந்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியவள், எதிர்த் திசையில், அந்தக் கார் போன பக்கமாக வண்டியைத் திருப்புகிறாள்.

யாருடைய கதை, எந்த உலகம், எந்த வகைப் படம், என்ன சிக்கல் என்ற நாலு கேள்விக்கும் இதில் பதில் வந்துவிட்டது. சிறுவன் என்ன ஆனான் என்ற ஐந்தாவது கேள்விதான் பதினொன்றாம் பக்கத்துக்கு இழுக்கிறது. கார் துரத்தலோ துப்பாக்கியோ வேண்டியிருக்கவில்லை. வெடிகுண்டோடு தொடங்கினால்தான் வாசகர் விழிப்பார் என்ற எண்ணத்தில் பலர் எழுதுகிறார்கள். யாரென்றே தெரியாதவர் ஓடுவதைப் பார்த்து யாருக்கும் பதற்றம் வருவதில்லை.

அமைதியான தொடக்கத்துக்கு நல்ல சான்று 'லிட்டில் மிஸ் சன்ஷைன்'. எழுதிய மைக்கேல் ஆர்ன்ட் அதற்கு முன் மற்றவர்களுடைய ஸ்கிரிப்டுகளைப் படித்துக் கருத்து எழுதும் வேலை பார்த்தவர். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர். படம் 2006-இல் வந்தது. 2007-இல் அவருக்கு ஆஸ்கர். தொடக்கத்தில் ஆலிவ் என்ற சிறுமி டி.வி.யில் அழகிப் பட்டம் வெல்பவளைப் பார்த்து அவளுடைய முகபாவத்தை அப்படியே செய்து பார்க்கிறாள். டேப்பை ஓட்டி ஓட்டி மறுபடியும் செய்கிறாள். அடுத்து அவளுடைய அப்பா, வெற்றி பெறுவது எப்படி என்று உற்சாகமாகச் சொற்பொழிவாற்றுகிறார். காட்சி விரியும்போது எதிரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள். தாத்தா குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு போதைப்பொருள் எடுக்கிறார். அம்மா கார் ஓட்டியபடி புகைக்கிறாள், போனில் புகைக்கவில்லை என்கிறாள். மாமா ஆஸ்பத்திரியில், மணிக்கட்டில் கட்டோடு.

ஆளுக்கு ஒரு செயல்தான், ஆனால் எல்லாரும் வெற்றி தோல்வி என்ற ஒரே கயிற்றில் கட்டுண்டவர்கள். பிறகு எல்லாரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, மாமாவின் கட்டு என்னவென்று ஆலிவைக் கேட்க வைக்கிறார் ஆர்ன்ட். அந்த ஒரு கேள்வியில் குடும்பம் மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத தொனியும் அங்கேயே நிலைபெறுகிறது. அந்தத் தொனியை முதல் பக்கங்களிலேயே நிறுத்தாமல் போயிருந்தால், பின்னால் தாத்தாவின் பிணத்தை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாக இறக்கும் காட்சி அருவருப்பாகியிருக்கும்.

அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது. கதையை முன்பே கேட்டிராத ஒருவரிடம் பத்துப் பக்கத்தை மட்டும் கொடுத்து, படித்து முடித்ததும் அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறார் எனக் கேட்க வேண்டும். நன்றாக இருக்கிறது என்ற பாராட்டால் பயனில்லை. அவர் ஒரு யூகத்தைச் சொன்னால், அது தவறான யூகமாக இருந்தாலும், கதை அவரைப் பிடித்திருக்கிறது. இவள் யார், அவன் இவளுக்கு என்ன உறவு என்று திருப்பிக் கேட்டால் எந்தப் பக்கத்தில் குழம்பினார் என்று விசாரித்து, அங்கே திருத்த வேண்டும். கேள்விக்கு எழுத்தாளர் வாயால் பதில் சொல்லத் தொடங்கினால் சோதனை கெட்டது. போட்டி வாசகரின் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருக்கப்போவதில்லை.

கடைசியாகத் தலைப்புப் பக்கம். பல போட்டிகளில் வாசகருக்கு எழுதியவர் யாரென்று தெரியக்கூடாது. எழுத்தாளரின் பெயர் ஸ்கிரிப்டில் எங்கும் இருக்கக்கூடாது. ஆனால் திரைக்கதை மென்பொருட்கள் தலைப்புக்குக் கீழே பெயருக்கும் முகவரிக்கும் தாமாகவே இடம் ஒதுக்கித் தருகின்றன. மாதக்கணக்கில் திருத்திய பத்துப் பக்கத்தையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள், அதற்கு முன்னால் இருக்கும் அந்த ஒரு பக்கத்தைத்தான் திறந்து பார்க்காமல் அனுப்பிவிடுகிறார்கள்.