கணினிக்குத் தெரியாத பருவமழை

2019 கோடையில் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி வந்த செய்திகளில் ஒரு ஜோடிப் படம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. இரண்டுமே செயற்கைக்கோள் எடுத்த புழல் ஏரி. 2018 ஜூனில் தண்ணீர்; ஓராண்டு கழித்து அதே இடத்தில் வெளிறிய மண். இரண்டையும் கணினியில் ஏற்றி ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், ஓர் ஏரியே காணாமல் போய்விட்டதாக விடை வரும். ஏரி எங்கும் போகவில்லை. வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அதே நகரின் தெற்கே, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேடு விழுங்கிய பகுதி எந்த மழைக்கும் திரும்பி வரவில்லை.

இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் நிலப்போர்வை ஆய்வாளரின் வேலை இருக்கிறது. ஒரு நிலத்தின் மேல் நெல் நிற்கிறதா, நீர் நிற்கிறதா, வீடு நிற்கிறதா என்பதையே நிலப்போர்வை என்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு இடையில் அது எங்கே மாறியது என்று காண இருக்கும் வழிகளில் மிக எளியது படக் கழித்தல்.

தென்சென்னையை எடுத்துக்கொள்வோம். 2009 பிப்ரவரிக்கு லேண்ட்சாட் 5 படம், 2022 பிப்ரவரிக்கு லேண்ட்சாட் 8 படம். பிப்ரவரி ஏன்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்கு மேல் மேகம்தான் தெரியும்; இரண்டு படங்களும் ஒரே மாதத்தில் இருந்தால் வெயிலின் சாய்வும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். இந்தப் படங்களில் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். நம் கணக்கில் 22 சென்ட் நிலம்.

ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பொளியும் அண்மை அகச்சிவப்பொளியும் எவ்வளவு திரும்பி வந்தன என்ற எண்கள் இருக்கும். பச்சை இலை சிவப்பை உறிஞ்சிக்கொண்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்தக் குணத்தை ஒரே எண்ணாக்குகிறது தாவரக் குறியீடு:

```
NDVI = (NIR - Red) / (NIR + Red)
```

செழித்த வயலுக்கு இது 0.55 என்று வரலாம். கான்கிரீட் கூரைக்கு 0.12. வயல் வீடானால் வித்தியாசம் −0.43. தண்ணீருக்குக் குறியீடு பெரும்பாலும் பூஜ்யத்துக்கும் கீழே. எல்லாப் பிக்சலுக்கும் இப்படிக் கழித்து வரைந்தால் மணி கவிழ்த்தது போல ஒரு மேடு கிடைக்கும். மாறாத நிலமெல்லாம் நடுவே பூஜ்யத்தை ஒட்டிக் குவிந்திருக்கும். மாறியவை இரு ஓரங்களில் கிடக்கும். எங்கே கோடு கிழிப்பது என்பதுதான் கேள்வி. சராசரியிலிருந்து ஒரு திட்டவிலக்கத்தில் கிழித்தால் பாதி ஊரே மாறியதாகத் தோன்றும். மூன்றில் கிழித்தால் பெரிய வளாகங்கள் மட்டும் மிஞ்சும். இதற்குப் பொதுவான ஒரு சரியான எண் கிடையாது; தெரிந்த சில இடங்களில் சோதித்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அதற்கு முன்பே சறுக்கும் இடங்கள் உண்டு. லேண்ட்சாட் 5 ஒளியை 0 முதல் 255 வரையான எண்களாகப் பதிந்தது. லேண்ட்சாட் 8-இன் அளவுகோல் அதைவிடப் பலமடங்கு நீளம். இரண்டின் மூல எண்களை அப்படியே கழிப்பது படியையும் மரக்காலையும் ஒன்றாக எண்ணுவது போன்றது. ஆகவே இரண்டையும் முதலில் தரைப் பிரதிபலிப்பு அளவுக்கு மாற்ற வேண்டும். பிறகு விமான நிலைய ஓடுபாதை போல ஆண்டுகளாக அதிகம் மாறாத ஓரிடத்தில் இரு படங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். படங்கள் அரைப் பிக்சல் விலகியிருந்தாலும் சாலைகளின் ஒரு பக்கம் வெள்ளைக் கோடும் மறுபக்கம் கறுப்புக் கோடும் இணையாக ஓடும். அந்த இரட்டைக் கோட்டைக் கண்டால் கழித்தலை நிறுத்திவிட்டு, படங்களை மறுபடி பொருத்த வேண்டியதுதான்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் பழைய சிக்கல் போகாது. செங்கல்பட்டுப் பக்கம் ஏரியில் நீர் இருந்தால் பிப்ரவரியில் நவரை நெல் பச்சையாக நிற்கும். நீர் இல்லாத ஆண்டில் அதே வயல் தரிசு, குறியீடு 0.18. வீடு கட்டியதால் வந்த சரிவும் தரிசு போட்டதால் வந்த சரிவும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கழித்தல் ‘மாறியது’ என்று மட்டுமே சொல்லும். எதுவாக மாறியது என்று அதற்குத் தெரியாது.

ஆகவே வரைபடத்தை எவ்வளவு நம்பலாம் என்று தனியே அளக்க வேண்டும். 9,000 ஹெக்டேர் பரப்பில் 900 ஹெக்டேர் மாறியதாக வரைபடம் சொல்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ‘மாறியது’ பகுதியில் குலுக்கல் முறையில் 100 புள்ளிகள், ‘மாறவில்லை’ பகுதியில் 300 புள்ளிகள் எடுக்கிறார்கள். 2022-க்கு நேரில் போய்ப் பார்க்கலாம். 2009-க்குப் போக வழியில்லை என்பதால் அந்நாளைய நுண்படங்களையும் பழைய வரைபடங்களையும் புரட்ட வேண்டும். பார்ப்பவருக்கு வரைபடத்தின் விடை தெரியக் கூடாது. தெரிந்தால், சந்தேகமான இடத்திலெல்லாம் கண் அதற்கே தலையாட்டும்.

முடிவு இப்படி வந்தது என்போம்: ‘மாறியது’ என்ற 100 புள்ளிகளில் 80 உண்மையிலேயே மாறியவை. ‘மாறவில்லை’ என்ற 300-இல் 15 உண்மையில் மாறியிருந்தன.

பதினைந்து சின்ன எண்தான். ஆனால் அது 5 விழுக்காடு. நிற்பதோ 8,100 ஹெக்டேர் மேல். அங்கே தவறவிட்ட மாற்றம் 405 ஹெக்டேர். சரியாகப் பிடித்தது 900-இல் 80 விழுக்காடு, 720 ஹெக்டேர். ஆக உண்மையான மாற்றம் 900 அல்ல, ஏறத்தாழ 1,125 ஹெக்டேர். மாதிரி எடுத்ததால் வரும் தடுமாற்றத்தையும் கணக்கிட்டால், 95 விழுக்காடு நம்பிக்கையோடு 913 முதல் 1,337 வரை. வரைபடத்தில் பிக்சலை எண்ணிப் பெற்ற 900 அந்த வரம்புக்குள்ளேயே இல்லை.

இதே வரைபடத்தின் மொத்தத் துல்லியம் 93.5 விழுக்காடு. அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் உண்மையில் மாறிய நிலத்தில் அது பிடித்தது 64 விழுக்காடு மட்டுமே. இன்னொன்றையும் கவனிக்கலாம்: எதையும் ஆராயாமல் ‘எங்கும் எதுவும் மாறவில்லை’ என்று ஒரே நிறத்தில் பூசிய வரைபடத்துக்கும் இங்கே 87.5 விழுக்காடு துல்லியம் கிடைத்துவிடும். மாறாத நிலம் அவ்வளவு அதிகம். மொத்தத் துல்லியத்தை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிடும் அறிக்கையைச் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

எண்களைவிடப் பயனுள்ளது, தவறிய புள்ளிகள் எங்கே விழுந்தன என்று பார்ப்பது. தவறவிட்டவற்றில் சில மனைப்பிரிவுகளாக இருக்கும். கல் நட்டு, மண் அடித்து, சாலை போட்டு, விற்காமல் கிடக்கும் மனைகளில் சீமைக்கருவேலம் மண்டிவிடும்; குறியீட்டைப் பொறுத்தவரை அது இன்னும் பச்சை நிலம். 22 சென்ட்டுக்குள் ஒரு சிறு வீடும் நான்கு தென்னையும் இருந்தாலும் இதே கதைதான்.

தவறாகப் பிடிபட்ட 20 புள்ளிகளின் குணம் வேறு. அவை தரிசு வயல்களிலும் வற்றிய ஏரிப்படுகைகளிலும் கூடும். அவற்றைக் கழிக்க மூன்றாவதாக, நல்ல மழை பெய்த ஓர் ஆண்டின் படத்தைச் சேர்க்கிறார்கள். அந்த ஆண்டில் மறுபடி நீரோ பச்சையோ தெரிந்தால் அந்த இடம் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். 2019-க்குப் பின் நிரம்பிய புழல் அப்படி நீங்கிவிடும். பெருங்குடிக் குப்பைமேடு நீங்காது.