சுவிங்கம் அல்ல, மருந்து

சிகரட்டை விட நினைப்பவரைத் தடுத்து நிறுத்துவது நிக்கொட்டின் என்ற பொருள். புகையை உள்ளிழுத்துச் சில செக்கன்களிலேயே அது மூளையை அடைந்துவிடுகிறது. பழகிய மூளைக்கு அது கிடைக்காதபோது எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை என்பன வருகின்றன. ஆனால் நுரையீரலையும் இதயத்தையும் அழிப்பவை பெரும்பாலும் புகையிலுள்ள தாரும் காபன் மொனொக்சைட்டும் ஏனைய நச்சுக்களுமே. எனவே புகையை முற்றாக நிறுத்திவிட்டு, நிக்கொட்டினை மாத்திரம் சிறிது காலம் குறைந்த அளவில் கொடுத்து, படிப்படியாக அதையும் நிறுத்துவதே இந்தச் சிகிச்சை. இதற்கு மெல்லும் கம், தோலில் ஒட்டும் பட்டி என இரண்டு வழிகள் பெரிதும் பயன்படுகின்றன.

கட்டாரில் தொழில் புரியும் எனது மாமா, கடந்த விடுமுறையில் வரும்போது நிக்கொட்டின் கம் பெட்டியொன்றைக் கொண்டுவந்திருந்தார். நாளொன்றுக்கு இருபது சிகரட் பிடிப்பவர் அவர். சுபஹுத் தொழுத கையோடு முதலாவதைப் பற்றவைப்பார். "இதெல்லாம் சும்மா மகள், ஒண்டுக்கும் சரிவரல்ல. விக்கலும் நெஞ்செரிவும்தான் மிச்சம்" என்றார். பெட்டிக்குள் இருந்த தாள் ஆங்கிலத்திலும் அரபியிலும் இருந்தது. அரபியை ஓதத் தெரிந்த மாமாவுக்கு அதன் பொருள் விளங்கவில்லை. உயிரியல் படிக்கும் நான் அதனை வாசித்து அவருக்குத் தமிழில் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

மாமா கம்மைச் சாதாரண சுவிங்கம் போல வேகமாக மென்று, உமிழ்நீரை விழுங்கினார். விழுங்கிய நிக்கொட்டின் வயிற்றைக் கிளறி விக்கலையும் எரிவையும் தருகிறது. அதன் பெரும்பகுதியை ஈரல் சிதைத்துவிடுவதால் மூளைக்குப் போவதோ மிகச் சொற்பம். நிக்கொட்டின் கன்னத்தின் உட்புறத்தினூடாகவே இரத்தத்தில் சேர வேண்டும். ஆகவே கம்மை மெதுவாக மெல்ல வேண்டும். காரமான சுவையோ இலேசான கூச்சமோ வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் முரசுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். கூச்சம் அடங்கியதும் மீண்டும் மெதுவாக மென்று, வேறு பக்கத்தில் ஒதுக்க வேண்டும். ஒரு கம்மை இவ்வாறு சுமார் 30 நிமிடங்கள் பயன்படுத்தலாம்.

அடுத்த காரணம் தேநீர். மாமாவின் வாயில் கம் இருக்கும்போதே கையில் பிளேன்டீயும் இருந்தது. தேநீர், கோப்பி, பழச்சாறு, சோடா ஆகியன வாயை அமிலமாக்குகின்றன. அமிலத்தில் நிக்கொட்டின் அயனாக மாறுகிறது. அயன் கன்னத்தின் மென்சவ்வை இலகுவில் கடக்காது. எனவே கம் போடுவதற்கு 15 நிமிடங்களுக்கு முன்னும், கம் வாயில் இருக்கும்போதும் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது.

மூன்றாவது, அளவு. எழுந்து அரை மணித்தியாலத்துக்குள் சிகரட் தேவைப்படுபவருக்கு 4 மில்லிகிராம் கம்மும், மற்றவருக்கு 2 மில்லிகிராமும் உரியது. மாமாவிடம் இருந்தது 2. அதிலும் நாளைக்கு இரண்டு மூன்றுதான் போட்டார். முதல் ஆறு வாரங்களுக்கு ஒன்று அல்லது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று வீதம், நாளைக்கு ஒன்பதாவது தேவை. அடுத்த ஆறு வாரங்களில் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்தலாம்.

பட்டி வேறு விதம். அது நாள் முழுவதும் ஒரே சீராக நிக்கொட்டினை விடும். நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவர், 24 மணிநேரப் பட்டியில் 21 மில்லிகிராமை ஆறு வாரங்களும், 14ஐ இரண்டு வாரங்களும், 7ஐ இரண்டு வாரங்களும் பயன்படுத்துவது வழக்கம். மேற்கை, மார்பு, முதுகு போன்ற இடங்களில், முடியில்லாத, சுத்தமான, உலர்ந்த தோலில் காலையில் ஒட்டி, பத்து செக்கன்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். நாள்தோறும் இடத்தை மாற்றாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். விசித்திரமான கனவுகள் தூக்கத்தைக் கெடுத்தால் இரவில் கழற்றிவிடலாம். கழற்றியதிலும் நிக்கொட்டின் மிஞ்சியிருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வீச வேண்டும்.

பட்டியை ஒட்டியிருந்தும் திடீரென ஆசை எழுவோருக்குக் கம்மையும் சேர்த்துத் தருவதுண்டு. இதனை வைத்தியரிடம் கேட்டுச் செய்வது நல்லது. குமட்டல், தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு வந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். எரிச்சலும் ஆசையும் அடங்கவே இல்லையென்றால் அளவு போதவில்லை. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் தொடங்கக் கூடாது. கட்டுப்பல் உள்ளவர்களுக்குக் கம்மைவிடப் பட்டியே இலகு.

நோன்பு காலத்தில் பகலில் கம் மெல்ல முடியாது. பட்டியைப் பற்றி மௌலவியிடமும் வைத்தியரிடமும் முன்கூட்டியே கேட்டுவைக்கலாம். பகல் முழுவதும் சிகரட் இல்லாமல் இருந்தவருக்கு மிகக் கடினமான நேரம் இப்தாருக்குப் பிந்திய தேநீர் வேளைதான். அந்நேரம் எழும் ஆசை பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களுக்கு அவரைத் தனியே விடாமல் பேச்சுக் கொடுப்பது, வீட்டிலுள்ள நாம் செய்யக்கூடிய வேலை.