படங்கள் மட்டும் திரைக்குப் போகட்டும்

குடும்பத்தோடு ஒரு பயணம் போய் வந்தால், இன்று படங்கள் ஒரே கையில் இருப்பதில்லை. அண்ணனின் கைத்தொலைபேசியில் கொஞ்சம், அக்காள் மகளிடம் கொஞ்சம், சித்தப்பாவிடம் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். அதனால்தான் பலர் கூகுள் ஃபோட்டோஸ் போன்ற செயலியில் பொதுத் தொகுப்பு ஒன்றைத் திறந்து, அதன் இணைப்பை உறவினர்களுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இணைப்பைத் தட்டி `Join` என்பதை அழுத்தியவர்கள் தங்கள் படங்களையும் அதில் சேர்க்கலாம். படங்கள் இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணினிகளில் போய்ச் சேர்கின்றன. 'மேகம்' என்று சொல்லப்படுவது அதைத்தான்.

இதுவரை யாருக்கும் பெரிய சிரமம் இல்லை. அந்தத் தொகுப்பை வீட்டுக் கூடத்தில் பெரிய திரையில் காட்டப் போகும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. காரணம், கைத்தொலைபேசியிலிருந்து தொலைக்காட்சிக்குப் படம் அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். உள்ளே நடப்பதோ முற்றிலும் வேறு.

முதல் வழி, கைத்தொலைபேசியின் திரையை அப்படியே தொலைக்காட்சியில் பிரதிபலிப்பது. சாம்சுங் கருவிகளில் `Smart View` என்றும், ஐபோனில் `Screen Mirroring` என்றும் இருப்பது இதுதான். கையில் தெரிவதெல்லாம் கூடத்திலும் தெரியும். இரண்டாவது வழி `Cast`. இதில் கைத்தொலைபேசி தன் திரையை அனுப்புவதில்லை. எந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்று மட்டும் தொலைக்காட்சிக்குச் சொல்கிறது. தொலைக்காட்சி அந்தப் படத்தைக் கேட்டு வாங்கித் தானே திரையிடுகிறது. கைத்தொலைபேசி ஏறக்குறைய ஒரு ரிமோட் போலத்தான் வேலை செய்கிறது. அழைப்பு வந்தாலும் செய்தி வந்தாலும் அது கையோடு நின்றுவிடும்.

இந்த வித்தியாசம் எங்கே உறைக்கும் என்பதற்கு ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். கிள்ளானிலிருந்து நான்கு வீட்டார் மூன்று நாள் கேமரன் மலைக்குப் போய் வருகிறார்கள். மூட்டு வலியால் பாட்டி மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடி, பாட்டிக்குப் படம் காட்டுகிறார்கள். பேரன் பிரதிபலிக்கும் வழியைத் தேர்ந்தெடுக்கிறான். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் திரையில் நிற்கும்போது, மேலே ஒரு செய்தி இறங்குகிறது: "டாக்டர் சொன்னதைப் பாட்டிகிட்ட சொல்லிட்டீங்களா?" பாட்டிக்குக் கண் நன்றாகத் தெரியும். எழுத்தும் தெரியும். அடுத்த படத்தை யாரும் தள்ளவில்லை. பெரியவர்களிடம் நேரம் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்றை, இப்படி 55 அங்குலத் திரை சொல்லிவிடக் கூடாது.

ஆகவே `Cast` முறையே ஏற்றது. தொலைக்காட்சி வாங்கிய பெட்டியில் `Google Cast` அல்லது `Chromecast built-in` என்று எழுதியிருந்தால் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. கூகுள் குரோம்காஸ்ட் கருவியின் தயாரிப்பை 2024-இல் நிறுத்திவிட்டது என்றாலும், முன்பே வாங்கி எச்.டி.எம்.ஐ. துளையில் செருகியிருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். கைத்தொலைபேசியும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். பிறகு கூகுள் ஃபோட்டோஸ் செயலியில் தொகுப்பைத் திறந்து, ஒரு மூலையில் அலைக்கோடுகள் உள்ள சிறு திரை போன்ற குறியைத் தட்டினால் தொலைக்காட்சியின் பெயர் வரும். குறி மேலே தெரியாவிட்டால் மூன்று புள்ளிப் பட்டியலுக்குள் இருக்கும். தொலைக்காட்சியில் யாருடைய கணக்கையும் திறக்க வேண்டியதில்லை. பாட்டி வீட்டுத் தொலைக்காட்சியில் பேரன் தன் மின்னஞ்சல், கடவுச்சொல்லைப் பதிந்துவிட்டு வருவது தேவையற்ற வேலை.

படங்கள் தாமாகவே ஓடும்படி `Slideshow` வைப்பதைவிட, ஒவ்வொன்றாக விரலால் தள்ளுவது நல்லது. "இது யாருப்பா, நம்ம சரசு மகளா?" என்று பாட்டி கேட்கும் வரை படம் காத்திருக்க வேண்டும் அல்லவா?

இதிலும் ஒரு கண்ணி உண்டு. பார்த்து முடித்த பின் அதே `Cast` குறியைத் தட்டி இணைப்பைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காமல், அதே செயலியில் வேறு படம் தேடித் திறந்தால் அதுவும் திரைக்குப் போய்விடும். அடையாள அட்டையின் படம், மருத்துவமனைச் சீட்டு, வங்கி ரசீது எல்லாம் இப்போது அங்கேதானே கிடக்கின்றன. குறி நிறம் நிரம்பித் தெரிந்தால் இணைப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

சில வீடுகளில் குறியைத் தட்டினாலும் தொலைக்காட்சியின் பெயர் வராது. பெரும்பாலும் விருந்தினருக்கான தனி வைஃபையில் கைத்தொலைபேசி சேர்ந்திருக்கும். அது மற்றக் கருவிகளைப் பார்க்க விடாது. ஐபோனாக இருந்தால், `Settings` பகுதியில் அந்தச் செயலிக்கு `Local Network` அனுமதி மூடியிருக்கலாம். வி.பி.என். ஓடிக் கொண்டிருந்தால் அதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

அடுத்தது படங்களின் வரிசை. மேற்சொன்ன குடும்பத்தில் மாமா ஒருவர் தன் படங்களைத் தொகுப்பில் நேராகப் போடாமல், ஊர் திரும்பிய மறுநாள் வாட்ஸ்அப்பில் அனுப்ப, மருமகள் அவற்றைத் தொகுப்பில் சேர்த்தார். விளைவு, முதல் நாள் காலையில் தாப்பா சாலையில் நின்று எடுத்த படங்கள், எல்லாரும் வீடு வந்து சேர்ந்த பிறகு கடைசியில் வருகின்றன. வாட்ஸ்அப் வழியே போகும்போது, படம் எடுத்த நேரத்தைக் காட்டும் உள்குறிப்பு நீங்கிவிடுகிறது. செயலி, வந்து சேர்ந்த நாளையே எடுத்த நாளாகக் கொள்கிறது. படமும் சுருங்குகிறது: வழக்கமான தரத்தில் அனுப்பினால் நீளமான பக்கத்தில் சுமார் 1,600 புள்ளிகளே மிஞ்சும். 4கே தொலைக்காட்சியின் அகலம் 3,840 புள்ளிகள். கையில் பளிச்சென்று இருந்த முகம் கூடத்தில் மங்குவது இதனால்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். படத்தை மேல்நோக்கித் தள்ளினால் அதன் விவரம் தெரியும். ஆண்ட்ராய்டு கருவியில் கோப்பின் பெயர் `IMG-20250316-WA0007` போல, நடுவில் `WA` என்று இருந்தால் அது வாட்ஸ்அப்பில் வந்தது. அதை நீக்கிவிட்டு, எடுத்தவரையே தன் கைத்தொலைபேசியிலிருந்து நேராகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பிறகு தொகுப்பைத் திறந்தவர், திருத்தும் பகுதியில் `Oldest first` என்று வரிசைப்படுத்தினால் பயணம் நடந்தபடியே படங்கள் வரும். எடுத்தவர் மூலப்படத்தை அழித்துவிட்டிருந்தால், அந்தப் படத்தை விரலால் இழுத்து உரிய இடத்தில் வைக்கலாம்.

நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள் தொலைக்காட்சித் திரையின் அகலத்தில் பாதியைக்கூட நிரப்பா. இருபுறமும் கறுப்பாகத்தான் இருக்கும். கருவியில் கோளாறு இல்லை.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் வைஃபை இல்லாமலும் இருக்கலாம். அப்போது ஒருவரின் கைத்தொலைபேசியை ஹாட்ஸ்பாட்டாகத் திறந்து, தொலைக்காட்சியையும் படம் காட்டும் மற்றொரு கைத்தொலைபேசியையும் அதில் சேர்க்கலாம். ஹாட்ஸ்பாட் கொடுப்பதையும் படம் காட்டுவதையும் ஒரே கருவியில் செய்தால் சில நேரம் தொலைக்காட்சியின் பெயரே வராது. அதுவும் வேண்டாம் என்பவர்கள், கணினியில் தொகுப்பைத் திறந்து `Download all` கொடுத்து, வரும் ஜிப் கோப்பைப் பிரித்து, தம்ப் டிரைவில் போட்டு எடுத்துச் செல்லலாம். ஐபோன் படங்கள் `.HEIC` என்று முடிந்தால் பழைய தொலைக்காட்சிகள் திறக்கா. அவற்றை முதல் நாளே `.JPG` ஆக மாற்றி, தம்ப் டிரைவை வீட்டுத் தொலைக்காட்சியில் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.